மெஷின் வரும் முன்பே வந்த நஷ்டம்

கேள்வி: அன்னூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். கம்பெனி லிஸ்ட் ஆனது. ஜெர்மனிக்கு, நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் மெஷினுக்கு ஆர்டர் போட்டு, பாக்கி 10 லட்சம் யூரோவுக்கு டிசம்பரிலேயே ஃபார்வர்டு எடுத்து வைத்தோம். இப்போது மார்ச் கணக்கில் அதனால் 26 லட்சம் நஷ்டம் என்று ஆடிட்டர் காட்டுகிறார். "மெஷினே இன்னும் வரலைங்க, நஷ்டம் மட்டும் எப்படிங்க வந்துச்சு?" என்று முதலாளி கேட்கிறார். ஹெட்ஜ் அக்கவுண்டிங் செய்திருந்தால் இது வந்திருக்காது என்கிறார்கள். உண்மையா? இனிமேல் செய்ய முடியுமா?

பதில்:

அந்த 26 லட்சம், வங்கியோடு நீங்கள் போட்ட ஒப்பந்தத்துக்கு மார்ச் 31 அன்று இருந்த மதிப்பு. அதை மெஷினில் வந்த நஷ்டமாக நினைத்தால்தான் முதலாளிக்கு வந்த குழப்பம் எல்லோருக்கும் வரும். நான் இருபது வருஷத்துக்கு மேல் கோவையில் மில் கணக்கும் அந்நியச் செலாவணியும் பார்த்தவன். இந்தக் கேள்வியை வெவ்வேறு முதலாளிகள் வாயிலிருந்து ஏறக்குறைய இதே வார்த்தைகளில் கேட்டிருக்கிறேன். எண்களோடு பார்த்தால் எளிதாகப் புரியும்.

உங்கள் ஒப்பந்த விவரம் என் கையில் இல்லை. அதனால் 26 லட்சம் வருகிற மாதிரி நானே எண்களை வைத்துக்கொள்கிறேன். மெஷின் விலை 11 லட்சம் யூரோ. ஆர்டர் போடும்போது 1 லட்சம் யூரோ முன்பணம் கொடுத்துவிட்டீர்கள். பாக்கி 10 லட்சம், ஜூன் 30 அன்று, மெஷினைக் கப்பலில் ஏற்றியதற்கான ஆவணங்கள் வந்ததும், வங்கி உறுதி தரும் எல்சி மூலம் கட்ட வேண்டும். டிசம்பர் கடைசியில் உங்கள் மேனேஜர் வங்கியின் டீலிங் ரூமுக்குப் போன் போட்டு, "பத்து லட்சம் யூரோ, ஜூன் கடைசி டெலிவரி, நாங்கள் வாங்குகிறோம்" என்று சொல்லியிருப்பார். அன்றைய ஸ்பாட், அதாவது உடனே வாங்கும் விலை, 90 ரூபாய். ஆறு மாத ஃபார்வர்டுக்கு வங்கி சொன்ன விலை 91 ரூபாய் 60 காசு. "டன்" என்றதும் ஒப்பந்தம் முடிந்தது. ஜூன் 30 அன்று நீங்கள் 9 கோடியே 16 லட்சம் கொடுப்பீர்கள், வங்கி 10 லட்சம் யூரோ கொடுக்கும். யூரோ அன்று 80க்கு விற்றாலும் 100க்கு விற்றாலும் உங்களுக்கு இதே விலைதான்.

இடையில் அந்த 1 ரூபாய் 60 காசைப் பற்றி ஒரு வார்த்தை. யூரோ ஜூனில் 91.60க்குப் போகும் என்று வங்கி கணித்துச் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். வங்கி எந்தக் கணிப்பும் செய்வதில்லை. உங்களுக்கு ஜூனில் கொடுக்க வேண்டிய யூரோவை அது இன்றே ரூபாய் கொடுத்து வாங்கி வைத்துக்கொள்வதாக நினைத்துப் பாருங்கள். அந்த ரூபாய்க்கு ஆறு மாத வட்டி அதிகம், வாங்கி வைத்த யூரோவுக்குக் கிடைக்கும் வட்டி குறைவு. அந்த வித்தியாசமும் வங்கியின் மார்ஜினும் சேர்ந்ததுதான் பிரீமியம். மார்ஜின் எவ்வளவு என்பது நீங்கள் எவ்வளவு கெட்டியாகப் பேரம் பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்பாட், பிரீமியம், மார்ஜின் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். மொத்தமாக ஒரே விலை சொல்கிற இடத்தில்தான் காசு நழுவும்.

சரி, மார்ச் 31க்கு வருவோம். அன்று யூரோ ஸ்பாட் 88.20க்கு இறங்கியிருக்கிறது. ஜூன் 30க்கான ஃபார்வர்டு 89 ரூபாய். அதாவது, இன்று புதிதாக வங்கிக்குப் போகிற ஒருவருக்கு அதே ஜூன் யூரோ 89க்குக் கிடைக்கும். நீங்கள் 91.60க்கு வாங்கிக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். யூரோவுக்கு 2 ரூபாய் 60 காசு வீதம் 10 லட்சம் யூரோவுக்கு 26 லட்சம் ரூபாய். ஒப்பந்தத்தை அன்று முறித்தால் வங்கி உங்களிடம் கேட்கும் தொகை கிட்டத்தட்ட இதுதான். மூன்று மாதத்துக்கு வட்டி கழித்தால் கொஞ்சம் குறையும், அதையும் வருமான வரி விளைவையும் கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். ஃபார்வர்டு ஒரு டெரிவேட்டிவ், அதாவது இன்னொன்றின் விலையைப் பொறுத்து மதிப்பு மாறும் ஒப்பந்தம். டெரிவேட்டிவ் எதுவானாலும் கணக்கு முடிக்கும் நாளில் சந்தை மதிப்புக்குக் கொண்டுவந்து, ஏற்ற இறக்கத்தை லாப நஷ்டக் கணக்கில் போட வேண்டும் என்பது இண்ட் ஏஎஸ் 109 என்ற கணக்கியல் தரத்தின் பொது விதி. உங்கள் ஆடிட்டர் செய்தது அதைத்தான்.

ஆனால் யூரோ இறங்கியதில் இன்னொரு விஷயமும் நடந்திருக்கிறது. ஜெர்மனிக்காரருக்குக் கட்ட வேண்டிய பாக்கி ரூபாய் மதிப்பில் அதே 26 லட்சம் குறைந்திருக்கிறது. ஃபார்வர்டு இல்லாமல் இருந்திருந்தால் அது உங்களுக்கு லாபம். இரண்டையும் சேர்த்தால் பூஜ்யம். அதற்காகத்தானே ஃபார்வர்டு போட்டீர்கள். சிக்கல் என்னவென்றால், அந்தப் பாக்கி இன்னும் உங்கள் புத்தகத்திலேயே ஏறவில்லை. மெஷின் கப்பல் ஏறி உங்கள் பெயருக்கு மாறும் வரை ஆர்டர் என்பது வெறும் காகிதம், அதற்குக் கணக்கில் பதிவு கிடையாது. ஒரு தட்டில் ஃபார்வர்டை ஏற்றி, மறு தட்டைக் காலியாக விட்டு நிறுத்துப் பார்க்கிறது கணக்கு.

முதலாளியிடம் சொல்வதற்கு நான் கையாளும் வழி இது. காங்கயத்தில் எண்ணெய் ஆலை வைத்திருப்பவர் ஒருவர், ஆனி மாதம் எடுத்துக்கொள்கிற மாதிரி நூறு மூட்டை கொப்பரைக்கு மார்கழியிலேயே விலை பேசி முடிக்கிறார். பங்குனியில் கொப்பரை விலை இறங்குகிறது. "அண்ணனுக்கு நஷ்டம்" என்று டீக்கடையில் பேசுகிறார்கள். அவர் ஆலைக்குக் கொப்பரை எப்படியும் வேண்டும், அவர் போட்ட கணக்கு அந்த விலையை வைத்துத்தான். கொப்பரை ஆலைக்குள் வந்து எண்ணெயாகும் நாளில்தான் அது அவருக்குச் செலவு. டீக்கடை பங்குனியிலேயே அவர் கணக்கை முடித்துவிட்டது.

இதில் எனக்கு இன்றும் உறுத்துகிற ஒன்று உண்டு. உங்கள் பக்கத்து மில்காரர் அதே மெஷினுக்கு ஆர்டர் போட்டு, ஃபார்வர்டே எடுக்காமல், "பார்த்துக்கலாம்" என்று இருந்திருந்தால் அவருடைய மார்ச் கணக்கில் ஒரு கோடுகூட விழாது. அபாயம் முழுவதும் அவர் தலைமேல், கணக்கு மட்டும் குளம் மாதிரி அமைதி. அபாயத்தைத் தவிர்த்த உங்கள் கணக்கு ஆடுகிறது. ஜூனிலும் சேர்த்துப் பார்த்தால் ஆட்டம் இன்னும் தெரியும். ஜூன் 30 அன்று யூரோ ஸ்பாட் 93.40க்கு ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 91.60க்கு வாங்கும் ஒப்பந்தம் இப்போது 18 லட்சம் லாபத்தில் நிற்கிறது. மைனஸ் 26இலிருந்து பிளஸ் 18க்கு வந்ததால், அந்தக் காலாண்டின் லாப நஷ்டக் கணக்கில் 44 லட்சம் லாபம் ஏறும். மெஷினோ அன்றைய ஸ்பாட்டில், அதாவது பாக்கித் தொகைக்கு 9 கோடியே 34 லட்சம் என்று புத்தகத்தில் ஏறும். நீங்கள் கையிலிருந்து கொடுத்தது 9 கோடியே 16 லட்சம்தான். அதிகப்படியாக ஏறிய 18 லட்சம் தேய்மானமாகப் பிரிந்து பிரிந்து கழியும். 15 வருஷ ஆயுள் என்றால் வருஷத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். ஒரு வருஷம் 26 லட்சம் நஷ்டம், மறுவருஷம் 44 லட்சம் லாபம், பிறகு 15 வருஷத்துக்குக் கூடுதல் தேய்மானம். எல்லாவற்றையும் கூட்டினால் பூஜ்யம். நூல் வியாபாரத்தில் எதுவுமே மாறாமல் கணக்கு மட்டும் ஊஞ்சல் ஆடியிருக்கிறது.

ஹெட்ஜ் அக்கவுண்டிங் இந்த இடத்தில்தான் வருகிறது. அந்த 26 லட்சத்தை அது மறைப்பதில்லை. வங்கிக்குக் கொடுக்க வேண்டிய கடனாக அது மார்ச் 31 பேலன்ஸ் ஷீட்டில் அப்படியே இருக்கும். அதற்கு எதிர்ப் பதிவு மட்டும் லாப நஷ்டக் கணக்குக்குப் போகாமல், ஓசிஐ என்று நாம் சொல்லும் இதர முழுமையான வருமானத்துக்குப் போய், அங்கிருந்து பங்குதாரர் நிதியில் கேஷ் ஃப்ளோ ஹெட்ஜ் ரிசர்வ் என்ற தலைப்பின் கீழ் உட்காரும். ஜூனில் வரும் 44 லட்சமும் அதே இடத்துக்குப் போகும். இப்போது ரிசர்வில் நிற்பது 18 லட்சம் வரவு. மெஷின் புத்தகத்தில் ஏறும் நாளில் அந்த 18 லட்சத்தை ரிசர்விலிருந்து எடுத்து, மெஷினின் 9 கோடியே 34 லட்சத்தில் கழிக்கிறீர்கள். மிச்சம் 9 கோடியே 16 லட்சம். 10 லட்சத்தை 91.60ஆல் பெருக்கினால் வருகிற அதே தொகை. டிசம்பரில் போனில் பேசி முடித்த விலை, காசு சுத்தமாக மெஷின் விலையாகவே ஏறிவிட்டது. லாப நஷ்டக் கணக்கில் இரண்டு வருஷமும் ஒன்றும் இல்லை. தேய்மானம் உண்மையாகக் கொடுத்த விலையின் மேல் வருகிறது.

அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர் என்பதால் உங்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. ரிசர்விலிருந்து மெஷினுக்குப் போகும் அந்த 18 லட்சத்தை ஓசிஐ வழியாகத் திருப்பிக் காட்டக்கூடாது. ரிசர்வைப் பற்று வைத்து, மெஷினை நேராக வரவு வைக்க வேண்டும். ஏற்கனவே கொடுத்த 1 லட்சம் யூரோ முன்பணம், கொடுத்த அன்றைய 90 ரூபாயிலேயே நின்றுவிடும், அதை மறுபடி மதிப்பிட மாட்டோம். ஆக இறக்குமதி வரி, கப்பல் கூலி நீங்கலாக மெஷின் விலை 10 கோடியே 6 லட்சம். சுங்க வரியை, சுங்கத்துறை தான் அறிவிக்கும் மாற்று வீதத்தில் கணக்கிடும். உங்கள் ஃபார்வர்டு விலையை அது கண்டுகொள்ளாது. யூரோ ஏறினால் வரியும் ஏறும், அந்தப் பகுதிக்கு இந்த ஒப்பந்தத்தில் பாதுகாப்பு இல்லை.

ஆக, நீங்கள் கேட்டதில் முதல் பாதிக்குப் பதில், ஆமாம், உண்மை. லாபம் சீராகத் தெரியும். ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் பங்குதாரர் நிதி மார்ச்சில் 26 லட்சம் இறங்கி, ஜூனில் ஏறத்தான் செய்யும். வங்கி உங்கள் நெட் வொர்த்தை வைத்து ஏதாவது விகிதம் பார்க்கிறது என்றால் அதற்கு இது தெரியும்.

இந்தச் சலுகை சும்மா வருவதில்லை. ஒப்பந்தம் போடும்போதே, எதற்காகப் போடுகிறோம் என்று எழுதி வைத்திருக்க வேண்டும். அது ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. நான் எழுதும் தாள் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "இன்ன எண், இன்ன தேதியிட்ட ஆர்டரின்படி ஜூன் மாதம் செலுத்த வேண்டிய 10 லட்சம் யூரோவின் ரூபாய் மதிப்பு மாறும் அபாயம், இன்ன வங்கியின் இன்ன எண்ணுள்ள ஃபார்வர்டு வாங்கல் ஒப்பந்தம் முழுவதையும் கொண்டு காக்கப்படுகிறது. விகிதம் ஒன்றுக்கு ஒன்று. நாணயம், தொகை, தேதி மூன்றும் பொருந்துவதால் ஒன்றின் ஏற்றம் மற்றதன் இறக்கத்தை ஈடுசெய்யும். கப்பல் தாமதமானாலோ வங்கியின் நிலை மோசமானாலோ இந்தப் பொருத்தம் குறையலாம். தாமதமானால் ஒப்பந்தம் நீட்டிக்கப்படும்." கீழே தேதி, கையெழுத்து. 80இலிருந்து 125 சதவீதத்துக்குள் பொருந்த வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்த எல்லைக்கோடு இண்ட் ஏஎஸ் 109இல் இல்லை. பொருளாதாரத் தொடர்பு இருக்கிறதா, வங்கியின் கடன் அபாயம் அதை மூழ்கடிக்காமல் இருக்கிறதா, விகிதம் நீங்கள் உண்மையில் வைத்திருக்கும் விகிதம்தானா என்று பார்ப்பார்கள்.

இந்தத் தாளில் மிக முக்கியமானது தேதி. அதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். 2017-18இல், இண்ட் ஏஎஸ் எங்களுக்குப் புதிது. நான் அப்போது இருந்த மில்லில் நவம்பரில் ஒரு ஃபார்வர்டு எடுத்துவிட்டு, தாளை எழுத மறந்துபோனேன். பிப்ரவரியில் ஆடிட்டரிடம் வேலை பார்க்கும் பையன் ஒருவர் வந்து ஃபைலைப் புரட்டிக் கேட்டபோதுதான் உட்கார்ந்து எழுதினேன். அவர் வயதில் சின்னவர், பேச்சில் மரியாதை குறையவில்லை, ஆனால் விடவில்லை. "சார், பிப்ரவரியில இருந்து ஒத்துக்கறேங்க. நவம்பர்ல இருந்து வந்த மாற்றம் லாப நஷ்டத்துலதான் நிக்கும்." நான் எவ்வளவு பேசியும் நடக்கவில்லை. அவர் சொன்னது சரி. யூரோ எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு, நஷ்டமானால் ஹெட்ஜ் என்றும் லாபமானால் இல்லை என்றும் சொல்ல இடம் கொடுக்காமல் இருக்கத்தான் அந்த விதி. அதற்குப் பிறகு என்னிடம் ஒரு பழக்கம் வந்தது. டீலிங் ரூமுக்குப் போன் போடும் முன்பே தாளை எழுதி, ஒப்பந்த எண்ணுக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருப்பேன்.

இதை எழுதும்போது திருப்பூர் ஞாபகம் வராமல் இருக்காது. அங்கே பனியன் ஏற்றுமதிக்காரர்கள் டாலரை முன்கூட்டியே விற்பார்கள், நீங்கள் யூரோவை முன்கூட்டியே வாங்குகிறீர்கள். திசை எதிர், கருவி ஒன்றுதான். 2007-08 வாக்கில் அங்கே பலர், சாதாரண ஃபார்வர்டுக்குப் பதிலாக டாலருக்கு எதிரே ஸ்விஸ் பிராங்க், யென் என்று பின்னிய சிக்கலான ஆப்ஷன்களில் கையெழுத்துப் போட்டுப் பெரிய தொகைகளை இழந்தார்கள், வங்கிகளோடு வழக்குகளும் நடந்தன. பெரியவர்கள் இன்றும் டெரிவேட்டிவ் என்ற சொல்லைக் கேட்டால் முகம் சுளிப்பது அதனால்தான். அந்த மாதிரி, நிகரமாகப் பார்த்தால் நீங்களே ஆப்ஷனை விற்றதாக முடிகிற ஒப்பந்தங்களை ஹெட்ஜ் கருவியாக ஏற்றுக்கொள்ள இண்ட் ஏஎஸ் 109 மறுக்கிறது. "பிரீமியமே இல்லாமல் 90க்கே தருகிறோம், யூரோ இன்ன விலையைத் தொட்டால் மட்டும்..." என்று யாராவது ஆரம்பித்தால், அந்த "மட்டும்" என்ற இடத்தில் நின்று யோசியுங்கள்.

இனி, நன்றாக எழுதி வைத்தாலும் எங்கே பிசகும் என்று பார்ப்போம். மில் மெஷின்களில் அடிக்கடி நடப்பது தாமதம். ஜூன் 30 என்று சொன்ன மெஷின் செப்டம்பர் 30க்குப் போகிறது. ஃபார்வர்டு ஜூன் 30 அன்று முடிந்துவிடும். சில நாள் முன்னே பின்னே என்றால் சமாளிக்கலாம். டெலிவரிக்கு ஒரே தேதி குறிக்காமல் ஒரு மாதம் வரை இடைவெளி விட்டு ஒப்பந்தம் எடுக்கும் வசதி வங்கிகளில் உண்டு, ஷிப்மென்ட் தேதி உறுதியில்லாதபோது நான் அதைத்தான் கேட்பேன். மூன்று மாதம் என்றால் பழைய ஒப்பந்தத்தை முடித்துப் புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். நம் எண்களில், ஜூன் 30 அன்று ஸ்பாட் 93.40, பழைய ஒப்பந்தத்தை முடித்தால் வங்கி 18 லட்சம் கையில் கொடுக்கும். செப்டம்பருக்கான புது ஃபார்வர்டு 94.20. பணம் கைக்கு வந்துவிட்டதே என்று அந்த 18 லட்சத்தை லாபத்தில் போடத் தோன்றும். கூடாது. மெஷின் இன்னும் வரப்போகிறது, நீட்டிப்போம் என்று தாளிலும் முன்பே எழுதியிருக்கிறோம், அதனால் அது ரிசர்விலேயே காத்திருக்கும். செப்டம்பரில் யூரோ எங்கே இருந்தாலும், 9 கோடியே 42 லட்சத்தில் 18 லட்சம் கழிந்து மெஷின் 9 கோடியே 24 லட்சத்தில் ஏறும். கூடிய 8 லட்சம்தான் மூன்று மாதத் தாமதத்தின் விலை, புதுப் பிரீமியமான 80 காசு. தாமதம் சப்ளையர் பக்கம் என்றால் இந்த 8 லட்சத்தை அவரிடம் கேட்டுப் பார்க்கலாம். நான் ஒரு முறை கேட்டுப் பாதி வாங்கியிருக்கிறேன்.

தாமதம் தெரிந்தும் மார்ச் 31 அன்று ஃபார்வர்டு ஜூனிலும் மெஷின் செப்டம்பரிலுமாக நின்றால், இரண்டின் மதிப்பு மாற்றமும் முழுதாகப் பொருந்தாது. மெஷின் பாக்கிக்கென்றே கச்சிதமாகப் பொருந்தும் ஒரு கற்பனை ஃபார்வர்டை வைத்துக்கொண்டு, உங்கள் உண்மையான ஃபார்வர்டோடு ஒப்பிடுவார்கள். இரண்டின் திரண்ட மாற்றத்தில் எது சிறியதோ அது ரிசர்வுக்கு. உண்மையானது அதைவிட அதிகமாக ஆடியிருந்தால் மிச்சம் லாப நஷ்டத்துக்கு. பெரும்பாலும் சில ஆயிரங்களில் முடியும், பயப்பட வேண்டாம். பெரிதாக வந்தால் வேறு ஏதோ தப்பு என்று அர்த்தம். முன்பணம் கொடுத்து முடித்த 1 லட்சம் யூரோவையும் சேர்த்து 11 லட்சத்துக்கு ஃபார்வர்டு எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அதிகப்படி 1 லட்சத்துக்குப் பின்னால் காக்க எதுவுமே இல்லை.

ஆர்டரே ரத்தானால்தான் மோசம். ஏப்ரலில் முதலாளி மனசு மாறி மெஷின் வேண்டாம் என்றால், ரிசர்வில் இருக்கும் 26 லட்சம் அன்றைக்கே லாப நஷ்டக் கணக்கில் வந்து விழும். வரப்போகும் செலவு ஒன்று இருந்ததால்தான் அதற்குத் தங்க இடம் கிடைத்தது. ஆர்டரை வைத்துக்கொண்டு, ஹெட்ஜ் அக்கவுண்டிங்கை மட்டும் பாதியில் நிறுத்திக்கொள்கிறேன் என்பதும் செல்லாது. அபாயத்தைக் கையாளும் நோக்கமே மாறியிருந்தால்தான் நிறுத்தலாம்.

உங்கள் எல்சி ஆவணம் வந்ததும் கட்டுவதாக இல்லாமல் 90 நாள் தவணை என்றால் கதை இரண்டு பாகமாகப் பிரியும். மெஷின் கப்பல் ஏறும் வரை மேலே சொன்னதுதான். அதற்குப் பிறகு பாக்கி, கடனாகப் புத்தகத்தில் ஏறிவிடும், ஒவ்வொரு கணக்கு முடிவிலும் அதை ஸ்பாட்டுக்கு மறுமதிப்பிட்டு லாப நஷ்டத்தில் போடுவீர்கள். ஃபார்வர்டின் மாற்றத்திலிருந்தும் அதற்கு ஈடான தொகையை அங்கேயே கொண்டுவருவீர்கள். இப்போது இரண்டு தட்டிலும் எடை இருப்பதால் பெரிய ஆட்டம் இருக்காது.

லிஸ்ட் ஆகாத, நெட் வொர்த் 250 கோடிக்குக் கீழே உள்ள கம்பெனிகளுக்குப் பொதுவாக இண்ட் ஏஎஸ் கிடையாது. நம் பக்கத்தில் பல மில்கள் அப்படித்தான். அவர்களுக்கு, ஆடிட்டர்களின் அமைப்பான ஐசிஏஐ 2015இல் வெளியிட்ட டெரிவேட்டிவ் வழிகாட்டுக் குறிப்பு, இன்னும் புத்தகத்தில் ஏறாத ஆர்டருக்கு எடுத்த ஃபார்வர்டு விஷயத்தில் இதே பாதையைத்தான் காட்டுகிறது. அவர்களும் தாளை எழுத வேண்டும்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. டிசம்பரில் தாள் எழுதவில்லை என்றால் மார்ச்சின் 26 லட்சத்தை ஒன்றும் செய்ய முடியாது, அது போன வருஷ லாப நஷ்டத்தில் நின்றுவிட்டது. ஆனால் இன்றைய தேதியில் எழுதலாம். ஜூன் ஃபார்வர்டு இன்றும் 89 ரூபாயிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கணக்கு இன்றிலிருந்து தொடங்கும், உங்கள் மெஷின் பாக்கிக்கான கற்பனை விலையும் 89. ஜூனில் 93.40 ஆனால் 44 லட்சம் முழுவதும் (ஒப்பந்தம் ஏற்கனவே மைனஸில் இருப்பதால் வரும் சிறு பிசிறு நீங்கலாக) ரிசர்வுக்குப் போகும். மெஷின் 9 கோடியே 34 லட்சத்திலிருந்து 44 லட்சம் கழிந்து 8 கோடியே 90 லட்சத்தில் ஏறும். கொடுத்ததை விட 26 லட்சம் குறைவாக. போன வருஷம் நஷ்டமாகக் காட்டிய 26 லட்சம் 15 வருஷத் தேய்மானத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும்.

"அப்படியானால் எழுதாமலே விட்டு, இந்தக் காலாண்டில் 44 லட்சம் லாபம் காட்டலாமே" என்று முதலாளி கேட்பார், கட்டாயம் கேட்பார். ஜூனில் யூரோ 93.40 என்று நான் எழுதியது கணக்குக்காக. அது 86க்கு இறங்கினால் இன்னும் 30 லட்சம் நஷ்டம் இந்தக் காலாண்டில் ஏறும், பிறகு அடுத்த போர்டு மீட்டிங்கிலும் நீங்கள்தான் நின்று பதில் சொல்ல வேண்டும். நானாக இருந்தால் இன்றே எழுதுவேன். டிசம்பர் தேதி போட்டு எழுதித் தரச் சொல்லி யாராவது கேட்டால் மட்டும் எழுதாதீர்கள். வங்கியின் ஒப்பந்த நகல், உங்கள் மெயில், கம்ப்யூட்டரில் ஃபைல் உருவான நாள் என்று எங்காவது ஒன்று காட்டிக்கொடுக்கும், அப்போது கேள்வி 26 லட்சத்தைப் பற்றியதாக இருக்காது.